ஒரு நபிமொழி, ஆறு நூல்கள்

எந்தச் செயலும் அதன் பின்னுள்ள எண்ணத்தைக் கொண்டே மதிப்பிடப்படும் என்பது நபிகள் நாயகத்தின் பெயரால் அறிவிக்கப்படும் ஒரு ஹதீஸின் சாரம். அல்லாஹ்வுக்காக ஊரைத் துறந்து ஹிஜ்ரத் போனவருக்கு அதற்குரிய பலன் உண்டு. உலக லாபத்துக்காகவோ ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ போனவருக்கு அவர் நாடிப் போனது மட்டுமே மிஞ்சும் என்று அது மேலும் சொல்கிறது. தொழுகைக்கு முன் 'நிய்யத்' வைக்கும் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இதை அறியாதவர்கள் குறைவு.

புகாரியின் தொகுப்பில் இது ஏழு இடங்களில் வருகிறது. இமாம் முஸ்லிமின் தொகுப்பில் ஒரே இடத்தில்தான். அபூதாவூத் இதைத் தலாக் பகுதியில் வைத்திருக்கிறார். திர்மிதியில் இது அறப்போரின் சிறப்புகளுக்கு இடையே இருக்கிறது. நஸாயீயில் உளூ, தலாக், சத்தியம் செய்தல் என மூன்று பகுதிகளில் காணலாம். இப்னு மாஜாவிலோ நூலின் கடைசியை நெருங்கும்போது, உலகப் பற்றின்மை பற்றிய பகுதியில் கிடைக்கிறது. ஆறு நூல்களும் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்களின் தொகுப்புகள். சன்னி முஸ்லிம்கள் இந்த ஆறையும் சேர்த்து 'குதுபுஸ் ஸித்தா' என்பார்கள். ஒரே செய்தியை ஆறு பேரும் வெவ்வேறு இடங்களில் வைத்ததில் தற்செயல் எதுவும் இல்லை. நூலை எதற்காகத் தொகுத்தார்கள், யார் சொன்னதை ஏற்றார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்குமே அந்த இடங்களில் விடை இருக்கிறது.

இவர்களுக்கு முன்பே ஹதீஸ்களைத் தொகுக்க இரண்டு வழிகள் இருந்தன. செய்தியை அறிவித்த நபித்தோழரின் பெயரின் கீழ் அவர் சொன்ன எல்லாவற்றையும் சேர்ப்பது ஒரு வழி. இப்படி அமைந்த நூலுக்கு 'முஸ்னத்' என்று பெயர். ஹிஜ்ரி 241-இல் பாக்தாதில் மறைந்த அஹ்மத் இப்னு ஹன்பலின் முஸ்னத் இதில் மிகப் புகழ் பெற்றது. முதலில் அபூபக்கர், அடுத்து உமர் என்று அது தொடங்குகிறது. நமது ஹதீஸை உமர்தான் அறிவித்தார் என்று தெரிந்தவருக்கு அது அந்த நூலில் எளிதாகக் கிடைக்கும். எண்ணத்தைப் பற்றி நபிகள் என்ன சொன்னார்கள் என்று மட்டும் தேடுபவரோ பல தொகுதிகளைப் புரட்ட வேண்டியிருக்கும். தொழுகை, நோன்பு, வணிகம் என்று பொருள்வாரியாகப் பிரிப்பது இன்னொரு வழி. மதீனாவில் இமாம் மாலிக் 'முவத்தா'வை அப்படித்தான் அமைத்தார். ஆறு நூல்களும் பின்பற்றியது இந்த வழியைத்தான். சட்டம் தேடி வருபவரை மனதில் வைத்தே அவை எழுதப்பட்டன.

புகாரி என்று நாம் அழைக்கும் முஹம்மத் இப்னு இஸ்மாயீல், ஹிஜ்ரி 194-இல், அதாவது கி.பி. 810-இல், இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரில் பிறந்தவர். அவருடைய நூல் 'வஹீயின் தொடக்கம்' என்ற பகுதியுடன் ஆரம்பிக்கிறது. அதற்கடுத்து ஈமான், கல்வி, உளூ, குளிப்பு, தொழுகை என்று நீண்டு, இறைவனின் ஒருமையைப் பேசும் பகுதியில் முடிகிறது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பல பாடங்கள் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் அவரே தலைப்பு எழுதியிருக்கிறார். தலைப்பில் சில சமயம் ஒரு குர்ஆன் வசனம் இருக்கும், சில சமயம் ஒரு நபித்தோழரின் கருத்து இருக்கும். அதன் கீழே, அந்தத் தலைப்புக்கு ஆதாரமாக ஹதீஸ் வரும். புகாரியின் சட்டக் கருத்துகள் அவருடைய தலைப்புகளில் இருக்கின்றன என்று அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஹதீஸ் தொகுப்பு என்ற வடிவத்துக்குள் அவர் ஒரு சட்ட நூலையும் எழுதி வைத்துவிட்டார்.

எண்ணம் பற்றிய ஹதீஸ் முதலில் வருவது நூலின் முதல் ஹதீஸாகவே. வஹீயைப் பற்றிய பகுதியில் எண்ணம் பற்றிய பேச்சுக்கு என்ன வேலை என்று உரையாசிரியர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். இதை முன்னுரையின் இடத்தில் வைத்தார் என்பது பரவலான பதில். இரண்டாவது முறை ஈமான் பகுதியின் கடைசியில் வருகிறது. அங்கே தலைப்பு உளூ, தொழுகை, ஸகாத், ஹஜ், நோன்பு எல்லாவற்றுக்கும் எண்ணம் உண்டு என்று அறிவிக்கிறது. மூன்றாவது இடம் அடிமைகளை விடுதலை செய்யும் பகுதி. வாய் தவறியோ மறந்தோ 'உன்னை விடுவித்தேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது செல்லுமா என்பது அங்குள்ள பிரச்சினை. நான்காவது, மதீனாவுக்கு நடந்த ஹிஜ்ரத்தின் வரலாறு. ஐந்தாவது திருமணப் பகுதி; ஒரு பெண்ணை மணப்பதற்காக ஊர் துறந்தவர் என்ற கடைசி வரிதான் இங்கே முக்கியமாகிறது. ஆறாவது சத்தியம் செய்வது பற்றியது. ஏழாவது, சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு அதன் நோக்கத்தை ஏமாற்றும் தந்திரங்களைப் பற்றிய பகுதி. அங்கே புகாரியின் குரல் சற்றுக் கடுமையாகவே இருக்கிறது. எண்ணத்தைக் கொண்டே செயல் மதிப்பிடப்படும் என்றால் தந்திரத்துக்கு இடமேது என்பது அவருடைய வாதம்.

ஏழு இடங்களிலும் அவர் ஒரே வாசகத்தை ஒரே ஆளிடம் கேட்டதாகத் திருப்பி எழுதவில்லை. முதலில் மக்காவின் ஹுமைதீயிடம் கேட்டது. பிறகு அப்துல்லாஹ் இப்னு மஸ்லமா, முஹம்மத் இப்னு கஸீர், முஸத்தத், யஹ்யா இப்னு கஸஆ, குதைபா, அபூநுஅமான் என்று ஏழு இடங்களுக்கு ஏழு ஆசிரியர்கள். வாசகத்திலும் சிறு வேறுபாடுகள் உண்டு. நூலின் முதல் ஹதீஸில் அல்லாஹ்வுக்காக ஹிஜ்ரத் போனவரைப் பற்றிய பாதி இல்லவே இல்லை. புகாரியில் திரும்ப வருவதெல்லாம் வெறும் திரும்பச் சொல்லல் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சட்ட முடிவோ, புதிய அறிவிப்பு வழியோ, பெரும்பாலும் இரண்டுமோ அதில் இருக்கும். இந்தத் திரும்பல்களைச் சேர்த்து எண்ணினால் அவருடைய நூலில் 7,000-க்கும் அதிகமான ஹதீஸ்கள். நீக்கினால் ஏறத்தாழ 2,600.

இவற்றை 6,00,000 செய்திகளிலிருந்து அவர் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் மீதியெல்லாம் பொய்யா என்று கேட்கத் தோன்றும். ஹதீஸ் துறையினர் எண்ணியது வாசகங்களை அல்ல, அறிவிப்பு வழிகளை. ஒரே வாசகம் இருபது வழிகளில் வந்தால் அது இருபது ஹதீஸ். விடப்பட்டவற்றில் பெருமளவு, நூலில் ஏற்கெனவே உள்ள செய்திகளின் வேறு வழிகள். எல்லா ஆதாரபூர்வமான செய்திகளையும் தாம் சேர்க்கவில்லை, நூல் நீண்டுவிடும் என்று பலவற்றை விட்டதாகப் புகாரியே சொன்னதாகவும் பதிவு இருக்கிறது. ஆகவே ஒரு செய்தி புகாரியில் இல்லை என்பதால் மட்டும் அது பலவீனமானது ஆகிவிடாது.

தேர்வு எப்படி நடந்தது என்பதைப் பார்க்க, அந்த முதல் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடருக்கே போகலாம். ஹுமைதீ தமக்கு சுஃப்யான் இப்னு உயைனா அறிவித்தார் என்கிறார். சுஃப்யான் தமக்கு யஹ்யா இப்னு ஸயீத் அறிவித்தார் என்கிறார். யஹ்யா தமக்கு முஹம்மத் இப்னு இப்ராஹீம் அறிவித்தார் என்கிறார். அவர் அல்கமாவிடம் காதால் கேட்டதாகவும், அல்கமா உமர் மிம்பரில் நின்று பேசக் கேட்டதாகவும் தொடர் முடிகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் இன்னொருவரிடம் நேரில் பெற்றது சொல்லாலேயே உறுதிப்படுகிறது. தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும், அதிலுள்ள ஒவ்வொருவரும் நேர்மையானவராகவும் கேட்டதை மாறாமல் காக்கும் திறனுடையவராகவும் இருக்க வேண்டும், செய்தி தன்னைவிட வலுவான அறிவிப்போடு முரண்படக் கூடாது, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத உள்குறையும் அதில் இருக்கக் கூடாது. ஒரு ஹதீஸை 'ஸஹீஹ்' என்று ஏற்க, பிற்காலத்தில் வகுத்துச் சொல்லப்பட்ட ஐந்து நிபந்தனைகள் இவை.

பலர் அறிவித்திருக்க வேண்டும் என்பது இந்த ஐந்தில் இல்லை. இது பலரை வியக்க வைக்கும். நமது ஹதீஸையே பாருங்கள். உமரிடமிருந்து நம்பத்தக்க வழியில் இதை அறிவித்தவர் அல்கமா மட்டும். அல்கமாவிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம் மட்டும். அவரிடமிருந்து யஹ்யா மட்டும். யஹ்யாவுக்குப் பிறகுதான் மாலிக், இரு சுஃப்யான்கள், ஹம்மாத் இப்னு ஸைத், லைஸ் என்று பெரும் கூட்டமே இதை அறிவிக்கிறது. யஹ்யாவின் வழியாகத் தவிர வேறு வழியில் இது தெரியவில்லை என்று திர்மிதி தம் நூலில் வெளிப்படையாகவே எழுதி, அதே மூச்சில் இதை 'ஹஸன் ஸஹீஹ்' என்றும் தரப்படுத்துகிறார். தலைகளின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு தலையின் தரமே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

நேரில் கேட்டதாகச் சொல்லப்படாத தொடர்களில்தான் சிக்கல் எழுகிறது. அரபு அறிவிப்புகளில் பல இடங்களில் 'எனக்கு அறிவித்தார்' என்பதற்குப் பதிலாக 'இன்னாரிடமிருந்து' என்று மட்டும் இருக்கும். புகாரியின் இரண்டாவது இடத்தில், மாலிக் வழியாக வரும் தொடரில், யஹ்யாவிலிருந்து உமர் வரை இந்தச் சொல்லாட்சிதான். ஒருவர் தாம் கேட்காததைக்கூட இப்படிச் சொல்லிவிட முடியும். இடையில் ஒருவர் விடுபட்டிருக்கலாம். நமது ஹதீஸில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை, ஏனெனில் கேட்டதை உறுதியாகச் சொல்லும் தொடரைப் புகாரி ஏற்கெனவே நூலின் வாசலிலேயே வைத்துவிட்டார். மற்ற ஹதீஸ்களில் என்ன செய்வது?

இங்கேதான் புகாரியும் அவருடைய மாணவரான இமாம் முஸ்லிமும் பிரிகிறார்கள். அந்த இருவரும் ஒருமுறையாவது சந்தித்தார்கள் என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும் என்பது புகாரியின் நிலை. இருவரும் ஒரே காலத்தவர், சந்தித்திருக்க வாய்ப்பிருந்தது, அறிவிப்பவர் இடையிலுள்ளவரை மறைக்கும் பழக்கம் உடையவர் அல்ல என்றால் போதும் என்பது முஸ்லிமின் நிலை. இதைத் தம் நூலின் முன்னுரையில் அவர் மிகவும் சூடாக வாதிடுகிறார். சந்திப்புக்கு ஆதாரம் கேட்பது முன்னோர் யாரும் சொல்லாத புது நிபந்தனை என்று, பெயர் குறிப்பிடாத ஒருவரைக் கண்டிக்கிறார். அந்த ஒருவர் புகாரியா, புகாரியின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனீயா, வேறொருவரா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. இரு நூல்களில் புகாரிக்கு முதலிடம் தருபவர்கள் காட்டும் காரணங்களில் இந்த வேறுபாடு முக்கியமானது.

புகாரி தம் நிபந்தனைகளை எங்கும் எழுதி வைக்கவில்லை. யாரை எடுத்தார், யாரை விட்டார் என்று நூலைப் புரட்டிப் புரட்டிப் பின்வந்தவர்கள் கண்டறிந்தவைதான் எல்லாம். அவர்களில் ஹாஸிமீ என்பவரின் முறை எளிதில் விளங்கக் கூடியது. ஹிஜ்ரி 584-இல் மறைந்த அவர், ஐந்து இமாம்களின் நிபந்தனைகளை ஆராய்ந்து ஒரு சிறு நூல் எழுதினார். பெரிய ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொண்டு அவருடைய மாணவர்களைத் தரம் பிரிப்பது அவருடைய வழி. அதற்கு அவர் தேர்ந்தது ஹிஜ்ரி 124-இல் மறைந்த இப்னு ஷிஹாப் ஸுஹ்ரீயை.

ஸுஹ்ரீயின் மாணவர்களில் முதல் தரத்தினர், நினைவாற்றலில் உறுதியும் ஆசிரியரோடு நெடுநாள் பழக்கமும் உடையவர்கள். மாலிக், சுஃப்யான் இப்னு உயைனா போன்றவர்கள் இதில் வருவார்கள். இரண்டாம் தரத்தினர் அதே அளவு நம்பத்தக்கவர்கள். ஆனால் ஸுஹ்ரீயோடு பழகிய காலம் குறைவு என்பதால் அவருடைய செய்திகளில் அவ்வளவு தேர்ச்சி இல்லை. சிரியாவின் அவ்ஸாயீ, எகிப்தின் லைஸ் ஆகிய பேரறிஞர்களையே ஹாஸிமீ இங்கேதான் வைக்கிறார். மூன்றாம் தரத்தினர் ஆசிரியரை விட்டுப் பிரியாதவர்கள், ஆனால் அவர்களுடைய துல்லியம் பற்றி விமர்சனம் உண்டு. நான்காம் தரத்தில் விமர்சனமும் உண்டு, பழக்கமும் குறைவு. ஐந்தாம் தரத்தில் பலவீனமானவர்களும் யாரென்றே தெரியாதவர்களும். புகாரி முதல் தரத்தை அடித்தளமாக வைத்து இரண்டாம் தரத்திலிருந்து பொறுக்கி எடுக்கிறார். முஸ்லிம் முதல் இரண்டையும் எடுத்து, மூன்றாவதிலிருந்து பொறுக்குகிறார். அபூதாவூதும் நஸாயீயும் மூன்றாம் தரம் வரை இறங்குகிறார்கள், திர்மிதி நான்காவது வரை.

இந்த முறை ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. 'நம்பத்தக்கவர்' என்பது ஒருவருக்கு ஒரேயடியாகக் கொடுத்துவிடும் பட்டம் அல்ல. அவர் இன்ன ஆசிரியரிடமிருந்து சொல்லும்போது எந்த அளவு நம்பத்தக்கவர் என்பதே கேள்வி. அதனால்தான் ஒரே அறிவிப்பாளரை இருவரும் வெவ்வேறு விதமாக நடத்த முடிந்தது. இப்னு அப்பாஸின் பணியாளராக இருந்து விடுதலை பெற்ற இக்ரிமாவைப் புகாரி முழுமையாக ஏற்றார். முஸ்லிமோ அவரை இன்னொருவரோடு இணைத்தே கொண்டுவந்தார். ஸுஹைல் இப்னு அபீஸாலிஹ் விஷயத்தில் நிலைமை தலைகீழ். முஸ்லிம் அவரைத் தாராளமாக எடுத்தார், புகாரி துணைச் சான்றாக மட்டுமே.

அமைப்பிலும் முஸ்லிமின் வழி வேறு. நைசாபூரைச் சேர்ந்த அவர் எண்ணம் பற்றிய ஹதீஸை ஆட்சிமுறை பற்றிய பகுதியின் பிற்பாதியில், அறப்போர் பற்றிய பாடங்களுக்கு அருகே, ஒரே ஒருமுறை தருகிறார். முதலில் மாலிக் வழியாக முழு வாசகம். அதற்குப் பின்னாலேயே லைஸ், ஹம்மாத், அப்துல் வஹ்ஹாப், இப்னுல் முபாரக், சுஃப்யான் என்று மற்ற வழிகள் வரிசையாக வருகின்றன. வாசகத்தைத் திருப்பிச் சொல்லாமல், மாலிக்கின் ஹதீஸின் கருத்திலேயே இவையும் இருக்கின்றன என்று முடித்துவிடுகிறார். சட்டம் தேடுபவருக்குப் புகாரி வசதி. ஒரு செய்தி எந்தெந்த வழிகளில் வந்தது, சொற்களில் எங்கே வேறுபடுகிறது என்று ஒப்பிடுபவருக்கு முஸ்லிம் வசதி. முஸ்லிம் பாடங்களுக்குத் தலைப்பு எழுதவில்லை. இன்று அச்சில் நாம் பார்க்கும் தலைப்புகள், நான்கு நூற்றாண்டுகள் கழித்து அதற்கு உரை எழுதிய நவவீ முதலானோர் சேர்த்தவை. முஸ்லிமில் ஒரு தலைப்பைப் படித்துவிட்டு 'இமாம் முஸ்லிமின் கருத்து இது' என்று சொன்னால் தவறாகிவிடும்.

மற்ற நான்கும் 'ஸஹீஹ் மட்டுமே' என்று வாக்குக் கொடுக்காதவை. அபூதாவூத் மக்காவாசிகளுக்கு எழுதிய ஒரு கடிதம் இன்றும் இருக்கிறது. தம் நூலில் ஏறத்தாழ 4,800 ஹதீஸ்கள் இருப்பதாகவும், கடுமையான பலவீனம் உள்ளதைச் சுட்டிக் காட்டியிருப்பதாகவும், தாம் எதுவும் சொல்லாமல் விட்டது ஏற்கத்தக்கது என்றும் அதில் விளக்குகிறார். அவர் வேண்டியது சட்டத்துக்கு ஆதாரம்; அதனால்தான் எண்ணம் பற்றிய ஹதீஸ் அவரிடம் தலாக் பகுதிக்குப் போயிற்று. கணவன் சொன்ன சொல் இருபொருள் படும்போது அவன் எண்ணம் என்ன என்பதுதான் அங்கே வழக்கு. நஸாயீ அதையே உளூவின் கீழும் வைத்தார். எண்ணமின்றி உறுப்புகளைக் கழுவினால் உளூ ஆகுமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டில் இரண்டையும் பின்பற்றுபவர்கள் இருப்பதால் அந்தக் கேள்வி இங்கே புத்தகத்தோடு நிற்பதில்லை.

நான்கில் வாசகருக்கு மிகவும் உதவுபவர் திர்மிதி. ஒவ்வொரு ஹதீஸுக்கும் தரம் சொல்வார், அதே பொருளில் வேறு எந்த நபித்தோழர்கள் அறிவித்தார்கள் என்று பெயர் தருவார், எந்த ஊர் அறிஞர்கள் அதை ஏற்று நடந்தார்கள் என்றும் சொல்வார். அவருடைய நிபந்தனை மற்றவர்களுடையதிலிருந்து விலகியது. தம் நூலில் உள்ளவற்றை அறிஞர்களில் சிலராவது நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள், இரண்டைத் தவிர என்று நூலின் இறுதியில் அவரே எழுதுகிறார். அச்சமோ மழையோ பயணமோ இன்றி நபிகள் மதீனாவில் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுதார்கள் என்பது ஒன்று. நான்காம் முறை மது அருந்தியவருக்கு மரண தண்டனை என்பது மற்றொன்று. யாரும் பின்பற்றாத இரண்டையும் மறைக்காமல் நூலில் வைத்து, அவை அப்படிப்பட்டவை என்று சொல்லியும் வைத்த நேர்மை பெரியது.

ஆறாவது இடம் நெடுநாள் காலியாகவே இருந்தது என்று சொல்லலாம். ஐந்து நூல்களோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. ஹாஸிமீயின் நூலும் ஐந்து பேரைப் பற்றியதே. மாலிக்கின் முவத்தாவை ஆறாவதாக எண்ணியவர்களும் உண்டு. ஹிஜ்ரி 507-இல் மறைந்த இப்னு தாஹிர் மக்திஸீ ஆறு இமாம்களின் நிபந்தனைகள் பற்றி எழுதியபோது அங்கே இப்னு மாஜாவைச் சேர்த்தார், பின்னர் அதுவே நிலைத்தது. மற்ற ஐந்தில் இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் அதில் இருந்ததும், அதன் வரிசை சீராக இருந்ததும் காரணங்கள். ஆனால் கூடுதலாகக் கிடைத்தவற்றில்தான் பலவீனமானவையும் அதிகம். இப்னு மாஜா பாரசீகத்தின் கஸ்வீன் நகரத்துக்காரர். தம் ஊரான கஸ்வீனின் சிறப்பைப் பேசும் ஒரு செய்தியையும் அவர் நூலில் சேர்த்திருக்கிறார். இப்னுல் ஜவ்ஸீ அதைப் புனையப்பட்ட செய்திகளின் பட்டியலில் வைத்தார். பின்வந்த திறனாய்வாளர்கள் பலரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

புகாரி, முஸ்லிம் இருவரும்கூட இந்தச் சோதனைக்கு அப்பாற்பட்டு வைக்கப்படவில்லை. ஹிஜ்ரி 385-இல் மறைந்த பாக்தாதின் தாரகுத்னீ, இரு நூல்களிலும் ஏறத்தாழ 200 ஹதீஸ்களைச் சுட்டி, தொகுப்பாளர்கள் தாங்களே வைத்துக்கொண்ட உயர்ந்த அளவுகோலுக்கு அவற்றின் தொடர்கள் வரவில்லை என்றார். பெரும்பாலும் அவர் சொன்னது, செய்தி பொய் என்பதல்ல. இந்தக் குறிப்பிட்ட வழியில் ஒரு கண்ணி சேர்ந்தோ விடுபட்டோ இருக்கிறது என்பது. எகிப்தின் இப்னு ஹஜர் புகாரிக்கு எழுதிய புகழ்பெற்ற உரையின் முன்னுரையில் அந்த நூலின் மீதான குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னார். பலவற்றை மறுத்தார், சில இடங்களில் தாரகுத்னீயின் ஆட்சேபம் வலுவானது, பதில் எளிதல்ல என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

ஆண்டுதோறும் காயல்பட்டினத்தில் 'மஜ்லிஸுல் புகாரிஷ் ஷரீஃப்' கூடி அந்த நூல் ஓதப்படும்போது, முதலில் வருவது அதே எண்ணம் பற்றிய ஹதீஸ்தான். வீட்டில் தமிழாக்கத்தை எடுத்துப் படிப்பவர்கள், அது ஈமான் பகுதியின் முடிவில் 54 என்ற எண்ணோடு மறுபடி வருவதைக் காணலாம். அந்த எண் புகாரி இட்டதல்ல. இன்று பரவலாக உள்ள எண் வரிசை 20-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாகீ செய்த பணியிலிருந்து வந்தது. முஸ்லிம் நூலுக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகள் புழக்கத்தில் உள்ளன. அதனால் எண்ணை மட்டும் கொண்டு தேடி ஹதீஸ் கிடைக்காவிட்டால், பகுதியின் பெயரையும் அறிவிப்பாளரின் பெயரையும் கொண்டு தேடுவதே நல்லது.